பாண்டு போட்டவரை கம்பெனியே அனுப்பிவிட்டால்?

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் முதல் பக்கத்தை எல்லோரும் படிக்கிறார்கள். சம்பளம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது பேனா கைக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தில்தான் இரண்டு பத்திகள் அருகருகே உட்கார்ந்திருக்கும். முதல் மாதங்கள் தகுதிகாண் பருவம், அதாவது புரொபேஷன், அந்தச் சமயத்தில் வேலை திருப்தியாக இல்லையென்றால் நிறுவனம் உங்களை நிறுத்திவிடலாம் என்று ஒன்று சொல்லும். உங்களுக்குச் செலவு செய்து பயிற்சி தருகிறோம், ஆகவே இத்தனை வருடம் நீங்கள் விலகக் கூடாது, விலகினால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்று மற்றொன்று சொல்லும். கம்பெனி நினைத்தால் அடுத்த வாரமே அனுப்பலாம். ஊழியர் நினைத்தால் மட்டும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்தில் செல்லுமா?

செல்லும், ஆனால் தாளில் எழுதியிருக்கிற அளவுக்குச் செல்லாது. பாண்டு வழக்கு கோர்ட்டுக்குப் போனால் அங்கே முதலில் எழும் கேள்வி ‘கையெழுத்துப் போட்டீர்களா?’ என்பதுதான். வழக்கு அதோடு முடிவதில்லை. கம்பெனி உண்மையிலேயே என்ன செலவு செய்தது, அதில் எவ்வளவு பலனை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது, உறவை முறித்தது யார் என்ற கேள்விகள் அடுத்து வருகின்றன. தொகையைத் தீர்மானிப்பவை இவைதான்.

பேச்சுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம், அதில் புதிதாகச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர். புரொபேஷன் 6 மாதம். சேர்ந்த முதல் மாதமே அவரை பெங்களூருக்கு அனுப்பி, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒன்றில் சான்றிதழ் பயிற்சி வாங்கித் தருகிறார்கள். பயிற்சிக் கட்டணம் 60,000 ரூபாய், தேர்வுக் கட்டணம் 15,000, தங்கும் செலவும் போக்குவரத்தும் 15,000. ஆக மொத்தம் 90,000. பாண்டில் இருப்பதோ 2 லட்சம். பயிற்சி முடிந்த நாளிலிருந்து 24 மாதம் இருக்க வேண்டும். இவரை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில் புரொபேஷன். அந்தக் காலத்தில் நோட்டீசே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. பொதுவாக ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பேசும்: 7 நாள், 15 நாள், ஒரு மாதம் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தொழிற்சாலைகளுக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், புரொபேஷனில் இருப்பவருக்கு நோட்டீசோ அதற்கு ஈடான சம்பளமோ கேட்கும் உரிமை இல்லை என்றே நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆனால் நம் இளைஞர் வேலை பார்ப்பது தொழிற்சாலையில் அல்ல, அலுவலகத்தில். அங்கே 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வருகிறது.

அந்தச் சட்டத்தின் 41-வது பிரிவைப் பற்றி எச்.ஆர். துறையில் இருப்பவர்களே அதிகம் பேசுவதில்லை. தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தராமலும் நீக்க முடியாது என்கிறது அது. தவறு செய்தார் என்று விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவுசெய்து நிரூபித்திருந்தால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. இந்தப் பிரிவு ‘நிரந்தர ஊழியர்’ என்று சொல்லவில்லை, 6 மாத வேலை என்றுதான் சொல்கிறது. ஆகவே புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறோம் என்று ஒரு கடிதம் கொடுத்து, எட்டாவது மாதத்தில் ‘நீங்கள் இன்னும் புரொபேஷனில்தான் இருக்கிறீர்கள், 7 நாள் நோட்டீஸ் போதும்’ என்று அனுப்பினால் அந்தக் கடிதம் இந்தப் பிரிவில் போய் முட்டிக்கொள்ளும். பாதிக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவகாசம் குறைவு, உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் போயாக வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு, அதாவது மேனேஜர் நிலையில் உள்ளவர்களுக்கு, இந்தச் சட்டம் பொருந்தாது. மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் போட்டால் மட்டும் போதாது, வேலையும் அப்படி இருக்க வேண்டும்.

இன்னொரு கோடு 240 நாள். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதானால் ஒரு மாத நோட்டீசும், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்பது தொழில் தகராறுச் சட்டத்தின் பழைய விதி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. இதைக் காட்டி ஒரு புரொபேஷனர் இழப்பீடு கேட்டால், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைப்படி முடித்தது ஆட்குறைப்பே அல்ல என்று நிறுவனம் பதில் சொல்லும். எல்.ஐ.சி. சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் 1994-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது. எனவே புரொபேஷனில் இருப்பவருக்கு 240 நாள் கணக்கு அவ்வளவு வலுவான பிடிமானம் அல்ல. தமிழ்நாட்டு அலுவலக ஊழியருக்கு 41-வது பிரிவே அதைவிடக் கைகொடுக்கும்.

புரொபேஷன் முடியும் தேதி கடந்துவிட்டது, உறுதி செய்யும் கடிதம் வரவில்லை, சம்பளம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. இது சர்வசாதாரணம். தேதி கடந்த உடனே தானாக நிரந்தரம் ஆகிவிட்டோம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஆர்டரில் ‘எழுத்து மூலம் உறுதி செய்யும் வரை புரொபேஷன் தொடரும்’ என்று இருந்தால் அதுதான் பொதுவாகச் செல்லும். அதிகபட்சம் இவ்வளவுதான், அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்று விதியிலேயே உச்சவரம்பு போட்டிருந்து, அதையும் தாண்டி வேலை வாங்கியிருந்தால் உறுதி செய்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1968-லேயே பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசுப் பணி பற்றி எழுந்த தீர்ப்பானாலும், விஷயம் ஆர்டரின் ஒரே ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

இனி நீக்கும் கடிதம். ‘உங்கள் ஆர்டரின் நான்காம் பத்தியின்படி, புரொபேஷன் காலத்தில் உங்கள் பணி எதிர்பார்த்த அளவுக்கு அமையாததால், 15 நாள் நோட்டீசுடன் உங்கள் பணியை முடித்துக்கொள்கிறோம்.’ இப்படி ஒரு கடிதம் வந்தால் அதை எதிர்ப்பது கடினம். ஒருவர் வேலைக்குப் பொருந்துகிறாரா என்று பார்க்கத்தானே புரொபேஷன்? பொருந்தவில்லை என்று சொல்வது களங்கம் ஆகாது. அதே கடிதத்தில் ‘நீங்கள் வாடிக்கையாளரின் தகவலை வெளியே கொடுத்தது எங்கள் கவனத்துக்கு வந்ததால்’ என்று ஒரு வரி சேர்ந்தால் கதை மாறுகிறது. அது தண்டனை. தண்டனை என்றால் குற்றச்சாட்டைச் சொல்லி, விளக்கம் கேட்டு, விசாரித்திருக்க வேண்டும். எஸ்.என். போஸ் தேசிய மையம் தொடர்பான 1999-ம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது: குற்றச்சாட்டு நிர்வாகத்தின் மனதில் ஓடிய ஒரு காரணமாக மட்டும் இருந்தால் நீக்கம் செல்லும், அந்தக் குற்றச்சாட்டே நீக்கத்தின் அடித்தளமாக இருந்தால் செல்லாது. களங்கம் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை, அது சுட்டிக்காட்டும் பழைய மெமோவில் இருந்தாலும் போதும்.

அந்தத் தீர்ப்புகள் அரசும் அரசு சார்ந்த நிறுவனங்களும் சம்பந்தப்பட்டவை. தனியார் நிறுவனத்தில், சட்டம் சொல்லும் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்குத் தொழிலாளர் நீதிமன்றம் இதே கண்ணோட்டத்தில் கடிதத்தின் திரையை விலக்கிப் பார்க்கும். அந்த வரையறைக்கு வெளியே இருப்பவர் சிவில் கோர்ட்டுக்குப் போனால் வேலையைத் திரும்பப் பெறுவது அனேகமாக நடக்காது. தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை வற்புறுத்தி நிறைவேற்ற முடியாது என்பது சட்டம். பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளம்தான் இழப்பீடாகக் கிடைக்கும். இதே சட்டம் மறுபக்கமும் வெட்டும். ‘பாண்டு இருக்கிறது, ஆகவே நீ இரண்டு வருடம் வேலை செய்தே ஆக வேண்டும்’ என்று எந்தக் கோர்ட்டும் ஊழியரைக் கட்டிப்போடாது. கேட்க முடிவதெல்லாம் பணம்தான்.

அந்தப் பணக் கதைக்கு வருவோம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவரை அவர் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பாண்டு எதிர்ப்பாளர்கள் முதலில் எடுப்பது இந்த ஆயுதத்தைத்தான்; அனேகமாகத் தோற்பதும் இதில்தான். காரணம், 1967-ல் வந்த செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கு. டயருக்கான நூலிழை தயாரிக்கும் ஆலையில் பயிற்சி பெற்று, ஐந்து வருடம் இருப்பதாக ஒப்பந்தம் போட்ட ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், பாதியில் விலகி கோட்டாவில் உள்ள போட்டி ஆலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்ற நிபந்தனை தொழில் தடை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அன்று விழுந்த கோடு இன்றும் நிற்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும். வேலையை விட்ட பிறகு ‘இன்னும் இரண்டு வருடத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது’ என்றால் செல்லாது. குறைந்தபட்ச சேவைக் காலம் முதல் வகையைச் சேர்ந்தது.

ஆகவே உண்மையான சண்டை நடப்பது 74-வது பிரிவில். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு தொகை எழுதியிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கு அந்தத் தொகைக்கு மேற்படாத ‘நியாயமான இழப்பீடு’ கிடைக்கும் என்கிறது அந்தப் பிரிவு. மேற்படாத என்ற அந்தச் சொல்லுக்குள் பாண்டுச் சட்டம் முழுக்க அடங்கிவிடுகிறது. பாண்டில் உள்ள 2 லட்சம் கூரை மட்டுமே. கோர்ட் தரப்போகும் தொகை அதற்குக் கீழே எங்கோ இருக்கும். நஷ்டமே இல்லாத இடத்தில் 74-வது பிரிவின்படி எதையும் எடுத்துக்கொள்ள முடியாது என்று டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட நில ஏல வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. நஷ்டத்தை ரூபாய் பைசாவில் நிரூபிப்பது கஷ்டமாக இருக்கும் இடங்களில் மட்டும், இரு தரப்பும் முன்கூட்டியே நேர்மையாகக் கணித்து எழுதிய தொகையை ஏற்கலாம்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. சிக்பா இந்தியா என்ற நிறுவனத்தின் வழக்கு, டெல்லி உயர் நீதிமன்றம், 2011. பாண்டுத் தொகை 2 லட்சம், காலம் மூன்று வருடம். பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்ததாகக் காட்டிய தொகை 67,595 ரூபாய். ஊழியர் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நிறுவனம் 2 லட்சம் கேட்டது. நீதிமன்றம் என்ன செய்தது என்றால், பாண்டுத் தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு 67,595-ஐக் கையில் எடுத்தது. மூன்றில் இரண்டு பங்கு காலத்தின் பலன் நிறுவனத்துக்குக் கிடைத்துவிட்டது. மீதி மூன்றில் ஒரு பங்குதான் நஷ்டம். ஆகவே 22,532 ரூபாய். கேட்டதில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை.

நம் சென்னை இளைஞர் பயிற்சி முடிந்து 18 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகுகிறார் என்று வைத்து இதே கணக்கைப் போட்டால், செலவு 90,000, மீதிக் காலம் 24-ல் 6 மாதம், ஆக 22,500 ரூபாய். மூன்றாம் மாதமே விலகினால் 78,750. இரண்டு லட்சம் எந்தத் தேதியிலும் வராது. கம்பெனிக்காரர்கள் இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வைப்பார்கள்: பயிற்சிக் காலத்தில் வேலை வாங்காமலே சம்பளம் கொடுத்தோம், மாற்று ஆள் தேட வேண்டும், ஒப்புக்கொண்ட புராஜெக்ட் தடைப்படுகிறது என்று. அதில் உண்மை இருக்கிறது. அதற்கான தாள்கள் இருந்தால் கோர்ட் கேட்கும். ஆனால் சேர்ந்த முதல் வாரம் மாநாட்டு அறையில் உட்காரவைத்துக் கம்பெனி வரலாற்றைச் சொன்னதையும், சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றதையும் ‘பயிற்சி, 1,50,000’ என்று பில் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த வகை பில்லைத் தாங்கிப் பிடிக்க கோர்ட்டில் எதுவும் கிடைக்காது. வேலைக்குச் சேரும் எவருக்கும் தர வேண்டிய அறிமுகம் பயிற்சி ஆகாது. வெளியே போனாலும் சந்தையில் விலைபோகும் ஒரு திறனை, கம்பெனி தன் பணத்தில் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றம் 1996-ல் தோஷ்நிவால் பிரதர்ஸ் வழக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் இந்த அடிப்படையில்தான். நிறுவனத்தின் செலவில் விசேஷப் பயிற்சி என்ற தனிச் சலுகையைப் பெற்றுக்கொண்டவர் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பே விலகினால், அந்த மீறலே நிறுவனத்துக்குச் சட்டப்படியான பாதிப்பு; தனியாக ஒவ்வொரு நஷ்டத்தையும் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பாண்டு வழக்குகளில் நிறுவனங்களின் வக்கீல்கள் விரும்பி எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. ஆனால் ‘விசேஷ’ என்ற தகுதி அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதைச் சிலர் வசதியாக மறந்துவிடுவார்கள்.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, ‘பாண்டு இனிமேல் செல்லும்’ என்ற செய்தி வாட்ஸ்ஆப்பில் வேகமாகப் பரவியது. விவரத்தைப் பார்த்தால் அவ்வளவு பொதுவானதல்ல. வங்கியின் சீனியர் மேனேஜர் பதவி; குறைந்தது மூன்று வருடம் இருக்க வேண்டும், இல்லையேல் 2 லட்சம் என்பது ஆள்சேர்ப்பு விளம்பரத்திலேயே இருந்தது. 2007 செப்டம்பரில் சேர்ந்தவர் 2009 ஜூலையில் வேறு வங்கிக்குப் போக ராஜினாமா செய்தார். ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் திருப்பித் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பொதுத்துறை வங்கி ஒரு ஆளைத் தனியார் போல் ஒரே நாளில் எடுக்க முடியாது, விளம்பரம் செய்து, எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்வு நடத்த வேண்டும், நடுவில் ஒருவர் போனால் அந்தச் செலவும் தாமதமும் திரும்ப வருகின்றன என்றது. அந்தப் பதவியின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 2 லட்சம், வெளியேறவே முடியாதபடி செய்யும் தொகை அல்ல என்றும் பார்த்தது. இந்த இரண்டாவது அளவுகோல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதம் 20,000 வாங்கும் புதியவருக்கு 2 லட்சம் என்பது பத்து மாதச் சம்பளம். நேர்காணல் முடித்து மறுநாளே ஆளெடுக்கும் ஒரு தனியார் நிறுவனம் அந்தத் தீர்ப்பை நீட்டினால், நீதிபதி இரண்டு வித்தியாசங்களையும் கவனிக்காமல் விடமாட்டார்.

இப்போது இரண்டு பத்திகளும் மோதும் இடம். நம் இளைஞரை ஐந்தாவது மாதத்தில் ‘பணி திருப்தி இல்லை’ என்று கம்பெனியே அனுப்பிவிடுகிறது. போகும்போது எச்.ஆர். ஒரு தாளை நீட்டுகிறது: பாண்டின்படி 2 லட்சம் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர்.

இழப்பீடு என்பது ஒப்பந்தத்தை மீறியவர் கொடுப்பது. இவர் மீறவில்லை, தொடர்ந்து வேலை பார்க்கத் தயாராகவே இருந்தார். பயிற்சியின் பலன் கம்பெனிக்குக் கிடைக்காமல் போனது கம்பெனி எடுத்த முடிவால். ‘ஊழியர் விலகினால்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பாண்டில் இந்தக் கோரிக்கைக்கு இடமே இல்லை. இதைத் தெரிந்துவைத்திருக்கும் வக்கீல்கள் ‘எக்காரணத்தால் பணி முடிவுக்கு வந்தாலும்’ என்று அகலமாக எழுதிவைப்பார்கள். அப்படி எழுதினாலும் 74-வது பிரிவைத் தாண்ட வேண்டும். அந்தப் பிரிவு மீறல் நடந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறது. தானே வெளியே அனுப்பிவிட்டு வெளியே போனதற்குப் பணம் கேட்பவர், தன் செயலின் பலனைத் தானே அறுவடை செய்யப் பார்க்கிறார் என்ற வாதம் எந்தக் கோர்ட்டிலும் எடுபடக்கூடியது.

இதற்கு எதிர்ப்புறமும் ஒன்று இருக்கிறது. சான்றிதழ் கையில் வந்த மறுவாரமே வேலைக்கு வராமல் இருந்து, மெயிலுக்கும் பதில் சொல்லாமல், ‘அவர்களே நீக்கட்டும்’ என்று காத்திருப்பவர்கள் உண்டு. நீக்கக் கடிதத்தில் கம்பெனியின் கையெழுத்துத்தான் இருக்கும், ஆனால் முறித்தவர் ஊழியர். வராத நாட்களின் வருகைப் பதிவு, வேலைக்குத் திரும்பச் சொல்லி அனுப்பிய பதிவுத் தபால்கள், அதே நாட்களில் புதிய நிறுவனத்தில் பி.எஃப். கணக்கு தொடங்கிய தேதி ஆகியவற்றைச் சேர்த்துவைத்தால் கோர்ட் அவரைப் பாண்டு மீறியவராகவே பார்க்கும். தவறு நிரூபணமாகி நீக்கப்பட்டவர் நிலையும் அவ்வளவு பத்திரமானதல்ல. பாண்டில் அது எழுதப்பட்டிருந்தால் நிறுவனத்துக்கு வாதம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்ல வேண்டுமானால் விசாரணை நடத்தியிருக்க வேண்டும். ‘புரொபேஷன் திருப்தி இல்லை’ என்று நோகாமல் ஒரு வரியில் அனுப்பியவர்கள் பிறகு ‘அவர் தவறு செய்தார், ஆகவே பாண்டுப் பணம் கொடு’ என்று பேச்சை மாற்றினால், தங்கள் கடிதமே தங்களுக்கு எதிர்ச் சாட்சி.

நிஜத்தில் பெரும்பாலான பாண்டுகள் கோர்ட் வாசலை மிதிப்பதே இல்லை. கம்பெனியின் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களை வைத்தே வசூல் நடக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது அதில் முதலாவது. கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு அல்ல, அதன் மேல் அடமான உரிமை கொண்டாட முடியாது என்று மருத்துவ மாணவர் பாண்டு விவகாரத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவது மட்டுமே முறை. கடைசிச் சம்பளத்தைப் பிடிப்பது அடுத்தது. நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தர வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம். சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று அது பட்டியலும் போட்டிருக்கிறது. பாண்டுத் தொகை என்று அதில் ஒரு வகை இல்லை. பி.எஃப். பணத்தைக் கோர்ட் ஜப்தி செய்யவே முடியாது எனும்போது, கம்பெனி அதைப் பாண்டுக்காக முடக்குவது பற்றிப் பேசவே வேண்டியதில்லை. போலீசில் புகார் கொடுப்போம் என்று மிரட்டுவதும் நடக்கிறது. பாண்டை மீறுவது சிவில் விவகாரம், குற்றம் அல்ல.

ஆனால் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். சேரும்போதே ‘சும்மா செக்யூரிட்டிக்கு’ என்று ஒன்றோ இரண்டோ வாங்கிவைப்பார்கள். தொகையை நிரப்பி வங்கியில் போட்டு அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்காகிவிடும். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும், அது கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். தானாக முன்வந்து கொடுத்த வெற்றுக் காசோலையானாலும், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்ற அனுமானம் எழும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியொரு கடன் இல்லை, பயிற்சிச் செலவு இவ்வளவுதான் என்று காட்டி அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஆனால் உடைக்கும் சுமை இப்போது ஊழியர் தலையில். வெற்றுப் பாண்டைவிட வெற்றுக் காசோலை பல மடங்கு ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் கிடப்பில் போடக் கூடாது, பதறிப்போய் ஒப்புக்கொண்டு எழுதவும் கூடாது. பதிலில் கேட்க வேண்டியது சுருக்கமானது: எந்தத் தேதியில், யார் நடத்திய பயிற்சி, அதற்கு யாருக்கு எவ்வளவு பணம் போனது, அதற்கான பில் எங்கே. கூடவே, தான் எத்தனை மாதம் வேலை பார்த்தோம் என்பதையும், கம்பெனியே அனுப்பியிருந்தால் அந்தக் கடிதத்தின் தேதியையும் குறிப்பிட்டால் போதும். பயிற்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்துக்கு இந்தக் கேள்வி சங்கடமே தராது, பில்லை இணைத்து அனுப்பிவிடும். அப்போது மீதிக் காலத்துக்கான கணக்கைப் போட்டுப் பேசி முடிப்பதே இரு தரப்புக்கும் மலிவு. வழக்குப் போட நிறுவனத்துக்கு மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருக்கிறது. இப்போதெல்லாம் சில நிறுவனங்கள் பாண்டிலேயே பயிற்சிச் செலவை வகைவாரியாக எழுதி, மாதம் போகப் போகத் தொகை குறையும் அட்டவணையையும் போட்டுவிடுகின்றன. அத்தகைய பாண்டை எதிர்த்து வாதாட ஊழியரின் வக்கீலுக்கு அதிகம் மிச்சமிருக்காது.